அக்காவின் வேலை ஒரு பத்திரம், என் வேலை பாதி பங்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அக்கா அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு. "உனக்கென்ன, ஐ.டி.காரன், ஷேர்ல போடலாம். நான் வாத்தியார், எனக்கெதுக்கு அதெல்லாம்?" அப்பாவும் தலையாட்டுவார். அக்கா அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை, வயது 36. நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன், வயது 34. அவள் சேமிப்பு பூராவும் அஞ்சலக ஆர்.டி.யிலும் வங்கி எஃப்.டி.யிலும் கிடந்தது. என்னுடையதில் பத்தில் ஒன்பது பங்கு பங்குச்சந்தையில் இருந்தது. சம்பளம் அதிகம் வருகிறவன் துணிந்து போடலாம், அளவாக வாங்குகிறவள் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பொருளாதாரம். எனக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை, 2022 கடைசி வரைக்கும்.

அந்த நவம்பரில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் புராஜெக்டைப் பாதியில் நிறுத்தினார். நான் பதினொரு வாரம் எந்தப் புராஜெக்டும் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷ வேரியபிள் பே பூஜ்யம். கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த பங்குகள் முந்தைய வருஷ விலையில் பாதிக்கு வந்திருந்தன. மிச்சப் பணத்தில் பெரும்பகுதியை, அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் 100 ஃபண்டில் போட்டிருந்தேன். அந்த 2022இல் அந்தக் குறியீடு டாலர் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அதே மாதத்தில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்ததால், நஷ்டத்திலேயே யூனிட்களை விற்றேன். ஒரே காரணத்தால் நாலு பக்கமும் அடி விழுந்தது. அந்த நாலையும் நான்கு தனித்தனி விஷயமாக அதுவரை எண்ணி வைத்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பார்க்கும் வேலையை வைத்து எவ்வளவு பங்கில் போடலாம் என்ற கேள்வியைப் பொருளாதாரக்காரர்கள் ரொம்ப நாளாகக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். சாமுவேல்சனும் மெர்ட்டனும் 1969இலேயே ஆயுள் முழுக்க ஒருவர் எவ்வளவு பங்கில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு 1992இல் போடி, மெர்ட்டன், சாமுவேல்சன் மூவரும் சேர்ந்து சம்பளத்தையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அடிப்படை ரொம்ப எளிமை. உங்கள் கையில் இருக்கும் பணம் மட்டும் உங்கள் சொத்து அல்ல, இனிமேல் வரப்போகும் சம்பளமும் ஒரு சொத்து. மனித மூலதனம் என்று அதற்குப் பெயர். முப்பது வயதுக்காரர் பலருக்கு அதுதான் இருப்பதிலேயே பெரிய சொத்து, ஆனால் எந்த பாஸ்புக்கிலும் அது வராது. அதையும் சேர்த்து மொத்தச் சொத்தில் இவ்வளவு பங்கு பங்குச்சந்தையில் இருக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும், கையிருப்பில் இவ்வளவு என்றல்ல.

சரி, அந்த "இவ்வளவு" எவ்வளவு? மெர்ட்டனின் சூத்திரம் இதுதான்:

```
s = (μ − r) / (γ × σ²)
```

மேலே இருப்பது, ரிஸ்க் இல்லாத முதலீட்டைவிடப் பங்குகள் எவ்வளவு அதிகம் தரும் என்ற எதிர்பார்ப்பு. கீழே σ என்பது பங்குகளின் ஆட்டம், γ என்பது உங்கள் பயத்தின் அளவு. கூடுதல் லாபம் 4 சதவீதம், ஆட்டம் 20 சதவீதம், பயம் 3 என்று வைத்தால் விடை மூன்றில் ஒன்று. பயத்தை 5 ஆக்கினால் ஐந்தில் ஒன்று. இந்த எண்கள் எதுவும் வானத்திலிருந்து வந்ததல்ல, நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டவை. இந்தக் கட்டுரை முழுக்க மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து சம்பளத்துக்கு விலை போட வேண்டும். இங்கே முதலில் ஒரு குழப்பம் வரும். முழுச் சம்பளத்தையும் எடுப்பதா, செலவு போக மிஞ்சுவதை மட்டும் எடுப்பதா? புத்தகக் கணக்கு முழுச் சம்பளத்தை எடுக்கும். ஆனால் வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், வீட்டுக்கடன் தவணை எல்லாம் மாதாமாதம் கட்டாயம் போகிற பணம். நான் ஆசைப்பட்டாலும் அதை முதலீட்டோடு சேர்த்துக் கலைத்துப் போட முடியாது. அதனால் எல்லாம் போக மிச்சம் பிடிப்பதை மட்டும் எடுத்தேன். விடை சின்னதாகத்தான் வரும், பரவாயில்லை, ஏமாறாமல் இருக்கலாம்.

அக்கா மாதம் முப்பதாயிரம் மிச்சம் பிடிக்கிறாள், வருஷத்துக்கு 3.6 லட்சம். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60, ஆக இன்னும் 24 வருஷம். நான் மாதம் ஐம்பதாயிரம், வருஷத்துக்கு 6 லட்சம். எல்லாவற்றையும் இன்றைய ரூபாய் மதிப்பிலேயே வைத்துக்கொண்டேன், அதாவது விலைவாசியோடு சேர்ந்து சேமிப்பும் ஏறும் என்று அனுமானம்.

இனி தள்ளுபடி விகிதம். நாளைக்கு வரப்போகும் ரூபாயை இன்றைய ரூபாயாக மாற்ற எத்தனை சதவீதம் கழிக்க வேண்டும்? அந்த ரூபாய் எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு குறைவாகக் கழிக்க வேண்டும். அக்காவின் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும், சென்செக்ஸ் என்ன ஆனாலும். விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறும். விலைவாசியோடு கட்டிவைத்த அரசு பத்திரம் ஒன்று இருந்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்ளும். முழுசாகச் சொல்லிவிட முடியாது. 2020இல் கொரோனா வந்தபோது அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள், ஈட்டிய விடுப்பு சரண்டரையும் நிறுத்தினார்கள், அக்கா வீட்டில் அந்த வருஷம் அதைப் பற்றியே பேச்சு. ஆனாலும் சம்பளம் நிற்கவில்லை. விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் போதும் என்று வைத்தேன்.

எனக்கு 2 சதவீதம் போட்டால் அது பொய். அறுபது வயது வரை இதே வேலை, இதே சம்பளம் என்று என் டீமில் யாரும் நம்புவதில்லை. ஐம்பது வயதுக்காரர் எங்கள் மாடியில் மொத்தம் மூன்று பேர், மூவரும் மேனேஜர்கள். எனவே ஐம்பது வரை மட்டும் எண்ணினேன், 16 வருஷம், 6 சதவீதம். எக்செல்லில் ஒரு வரி வேலை:

```
=PV(2%,24,-360000)
=PV(6%,16,-600000)
```

முதல் வரி அக்கா: 68 லட்சம். இரண்டாவது நான்: 60.6 லட்சம். அவளைவிட வருஷத்துக்கு 2.4 லட்சம் கூடுதலாகச் சேமிக்கிற என்னுடைய எதிர்காலம் அவளுடையதைவிட மலிவாக இருக்கிறது! நம்பாமல் என் கணக்கையும் அறுபது வயது வரை, 2 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 121 லட்சம் வந்தது. சந்தேகத்தை உள்ளே சேர்த்ததும் பாதிக்குப் பாதி கரைந்துவிட்டது.

அக்காவின் கையிருப்பு 12 லட்சம், ஆக மொத்தச் சொத்து 80 லட்சம். என் கையிருப்பு 20 லட்சம், மொத்தம் ஏறக்குறைய அதே 80 லட்சம். இருவருக்கும் மூன்றில் ஒன்று என்றால் சுமார் 27 லட்சம் பங்கில் இருக்கலாம்.

முதலில் அக்கா. அவளுடைய 68 லட்சம் பத்திரம் மாதிரி. அதில் பங்கின் குணம் துளியும் இல்லை. 27 லட்சம் பங்கில் வைக்கலாம், கையில் இருப்பதோ 12. ஆறு மாதச் செலவுக்கு 2 லட்சத்தை எஃப்.டி.யில் ஒதுக்கிவிட்டு மீதி 10 லட்சத்தையும் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டாலும், அது அவள் மொத்தச் சொத்தில் எட்டில் ஒரு பங்குதான். சந்தை பாதியாகச் சரிந்தாலும் போவது 5 லட்சம், 80இல் ஆறு சதவீதம். சம்பளமும் ஆர்.டி.யும் எஃப்.டி.யும் எல்லாமே பத்திரம் என்று அவள் வைத்திருந்தது, சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சாதத்தையே வைத்துக்கொண்ட மாதிரி. "ஓஹோ, அப்போ கடன் வாங்கி 27 லட்சம் போட்டா?" என்று அத்தான் கேட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் அயர்ஸும் நேல்பஃப்பும் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார்கள், இளம் வயதில் கடன் வாங்கிக்கூடப் பங்கில் போடலாம் என்று. நமக்குத் தனிநபர் கடன் கிடைக்கும் வட்டியில் அந்தக் கூடுதல் 4 சதவீதம் காணாமல் போய்விடும், அதனால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

இப்போது நான். என் 60.6 லட்சத்தில் எவ்வளவு பங்கு மாதிரி நடந்துகொள்ளும்? மொத்தக் கணக்கிலும் இதுதான் கஷ்டமான எண். 30 சதவீதம் என்று எடுத்தேன். அப்படியானால் 18 லட்சம் மதிப்புக்குப் பங்கு என் வேலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, நான் ஒரு டீமேட் கணக்கும் திறக்காமலேயே. 27இல் 18 போனால் மீதி சுமார் 9 லட்சம். கையிருப்பு 20 லட்சத்தில் 43 சதவீதம். நான் வைத்திருந்தது 90 சதவீதம், 18 லட்சம். சந்தை பாதியாகச் சரிந்தால் கையில் 9 லட்சம் போகும், வேலைக்குள் ஒளிந்திருக்கும் 18 லட்சத்திலும் 9 போகும். மொத்தம் 18 லட்சம், 80இல் இருபத்திரண்டு சதவீதம். 2022இல் எனக்கு நடந்தது இதன் சின்ன வடிவம்.

ஆக, திண்ணைப் பொருளாதாரம் தலைகீழ். பங்குக்குப் போக வேண்டியவள் அக்கா, எஃப்.டி. பக்கம் வர வேண்டியவன் நான்.

அந்த 30 சதவீதத்தை நம்பி ரொம்பத் துள்ளக் கூடாது. அதை 10 என்று மாற்றிப் பாருங்கள், ஒளிந்திருக்கும் பங்கு 6 லட்சம்தான், என் 20 லட்சத்தையும் பங்கில் போடலாம் என்று விடை வரும். 50 என்று மாற்றினால் ஒளிந்திருப்பதே 30 லட்சம், ஒரு ரூபாய்கூடப் பங்கில் போடக் கூடாது என்று வரும். ஒரே எண்ணை ஆட்டினால் விடை பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஆடுகிறது. இதைப் பார்த்ததும் எக்செல்லை மூடிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். பைசா சுத்தமாக விடை தரும் கணக்கு அல்ல இது. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

அந்த எண்ணை எப்படிக் கொஞ்சமாவது கண்டுபிடிப்பது? நான் செய்தது, கம்பெனி வருஷாவருஷம் தரும் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16 பழையது எல்லாவற்றையும் எடுத்து வருஷவாரியாகச் சம்பளத்தை எழுதி, பக்கத்தில் அந்தந்த வருஷம் நிஃப்டி என்ன செய்தது என்று எழுதினேன். பெரிய ஒற்றுமை எதுவும் தெரியவில்லை. அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, காரணம் இரண்டு. முதலாவது, வேலையோடு இருந்த வருஷங்களின் ஃபார்ம் 16தான் என்னிடம் இருக்கிறது, வேலை போனவர்களின் கதை அதில் வராது. மோசமான வருஷத்தில் எல்லார் சம்பளமும் பத்து பத்து சதவீதம் குறைவதில்லை, பெரும்பாலோருக்கு அப்படியே இருக்கும், சிலருக்கு மொத்தமாகப் போகும். அந்தச் சிலரில் நான் இல்லாததால் என் தாள் அழகாக இருக்கிறது. இரண்டாவது, சம்பளம் பங்குச்சந்தையின் பின்னால் மெதுவாகத்தான் நடந்து வரும். 2007இல் பென்சோனி, கோலின்-டுஃப்ரேன், கோல்ட்ஸ்டைன் மூவரும் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது. ஒரு வருஷத்தில் பார்த்தால் கூலிக்கும் கம்பெனிகள் தரும் டிவிடெண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போல் இருந்தாலும், நீண்ட காலத்தில் இரண்டும் ஒரே திசையில் போகின்றன என்று வைத்தால், இளைஞரின் மனித மூலதனத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பங்கின் குணம் இருக்கும். "இளமையில் ரிஸ்க் எடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு இது கசப்பான மருந்து.

ஃபார்ம் 16ஐவிட எனக்கு உதவியது நேரான ஒரு கேள்வி. 2008 ஜனவரியில் 21,000ஐ எட்டிய சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,000 பக்கம் கிடந்தது. மறுபடி அப்படி ஒன்று வந்தால் எனக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்குப் பணம் கொடுக்கிறவர் யார்? அக்காவுக்கு விடை, தமிழ்நாடு அரசு. எனக்கு விடை, ஒரு அமெரிக்க வங்கி. அந்த வங்கிக்கு ஜலதோஷம் பிடித்தால் எனக்குத் தும்மல்.

இந்தக் கேள்வியை வீடு முழுக்கக் கேட்டபோது வயிறு கலங்கியது. என் மனைவி வேறு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள், இரண்டு சம்பளம் இருக்கிறது, ஒன்று போனால் ஒன்று தாங்கும் என்று நினைத்திருந்தேன். அவள் புராஜெக்டின் வாடிக்கையாளரும் அமெரிக்க நிதித்துறைதான். நாங்கள் மேடவாக்கத்தில் வாங்கிய ஃபிளாட்டை நாளைக்கு விற்கப்போனால் வாங்க வருகிறவர் யார்? ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் இன்னொரு ஐ.டி. தம்பதிதான். சம்பளம் இரண்டு, ஃபிளாட் ஒன்று, கம்பெனி பங்கு, நாஸ்டாக் ஃபண்டு, ஐந்துக்கும் அடியில் ஒரே குழாய்.

கம்பெனி பங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். வேலையும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்ரானைவிட வேறு உதாரணம் வேண்டாம். அந்த ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்குகளில் பாதிக்கும் மேல் என்ரான் பங்குகளே இருந்தன. 2000இல் 90 டாலர் வரை போன பங்கு, 2001 டிசம்பரில் கம்பெனி திவாலானபோது ஒரு டாலருக்கும் கீழே. சம்பளமும் சேமிப்பும் சேர்ந்தே போயின. நம் ஊரில் ஆர்.எஸ்.யூ. என்று கம்பெனி தரும் பங்கு கைக்கு வந்ததும் "ஏறும்டா, வச்சிரு" என்பார்கள். கையில் வந்த அன்றைக்கே அதன் மதிப்பு சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடித்துவிடுகிறார்கள், அன்றைக்கே விற்றால் மேற்கொண்டு கட்ட வேண்டிய வரி பெரிதாக ஒன்றுமில்லை. அதே தொகையை ரொக்க போனஸாகத் தந்திருந்தால் அதைக் கொண்டுபோய் என் கம்பெனி பங்கையே வாங்கியிருப்பேனா? மாட்டேன். அப்புறம் எதற்கு வைத்திருந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

வயதை மட்டும் பார்த்துச் சொல்லும் விதிகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. நூறிலிருந்து வயதைக் கழி என்ற விதி அக்காவுக்கு 64, எனக்கு 66 என்கிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் எல்.சி.50 என்று ஒரு தெரிவு இருக்கிறது. 35 வயது வரை 50 சதவீதம் பங்கில், அதன்பின் வருஷத்துக்கு 2 சதவீதம் குறைந்து 55 வயதில் 10 சதவீதம். அது தாசில்தாருக்கும் ஸ்டார்ட்-அப்காரருக்கும் ஒரே கோடுதான் போடும். கோட்டின் சாய்வு தப்பில்லை. வயது ஏற ஏற மிச்சமிருக்கும் சம்பளம் குறையும், கையிருப்பு கூடும், அதனால் பங்கைக் குறைக்க வேண்டும் என்பது சரிதான். அக்காவுக்கு 50 வயதாகும்போது இன்னும் பத்து வருஷச் சேமிப்பின் இன்றைய மதிப்பு 32 லட்சம். விலைவாசிக்கு மேல் 3 சதவீதம் வளர்ந்தால் கையிருப்பு 80 லட்சம் பக்கம் வந்திருக்கும். மொத்தம் 112, அதில் மூன்றில் ஒன்று 37 லட்சம். கையிருப்பில் 47 சதவீதம். இன்றைக்கு ஏறக்குறைய முழுவதும் பங்கில் இருக்கலாம், பதினான்கு வருஷத்தில் பாதிக்குக் கொண்டுவரலாம். கோடு எங்கே தொடங்குகிறது என்பதை வயது தீர்மானிப்பதில்லை, வேலை தீர்மானிக்கிறது.

இந்தச் சொத்தில் ஒரு பெரிய குறை உண்டு, விற்க முடியாது. அக்காவிடம் 68 லட்சம் இருக்கிறது என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியிலும் பில் கட்ட முடியாது. அதனால்தான் அவசரப் பணத்தை முதலில் ஒதுக்கினேன், அதைப் பங்கில் போடவும் இல்லை. அவள் இல்லாமல் போனால் அந்த 68 லட்சமும் அன்றைக்கே போய்விடும். அதற்கு மேல், சேமிப்புக் கணக்கில் நான் எடுக்காமல் விட்ட வீட்டுச் செலவுப் பங்கும் நிற்கும். டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னபோது "நான் செத்தா உனக்கென்ன லாபம்?" என்று சிரித்தாள், ஆனால் எடுத்துவிட்டாள்.

அக்கா 10 லட்சத்தை ஒரேயடியாக மாற்றவில்லை. ஆர்.டி. ஒவ்வொன்றாக முதிரும்போது நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது. சந்தை இரண்டு நாள் விழுந்தால் ஸ்கூல் இடைவேளையில் எனக்கு போன் வரும். கணக்குப்படி அவள் தாங்கலாம் என்பது வேறு, மனது தாங்குவது வேறு. அவளுடைய γ 3 இல்லை, 5 என்று வைத்துத் திரும்பப் போட்டேன். 80இல் ஐந்தில் ஒன்று 16 லட்சம், அப்போதும் கையிருப்பைவிட அதிகம்தான், ஆகவே விடை மாறவில்லை என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

நான் ஆர்.எஸ்.யூ.வை வந்த அன்றே விற்கிறேன், நாஸ்டாக் ஃபண்டை நிறுத்திவிட்டேன், பி.எஃப்.புக்கு மேல் நாமாக விரும்பிக் கட்டும் வி.பி.எஃப்.பில் மாதம் பதினைந்தாயிரம் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னால் எனக்கு அறுபது வயதாகிவிட்டது மாதிரிப் பார்க்கிறார்கள்.

அக்கா வீட்டுக் கணக்கில் இன்னும் ஒரு வரி காலியாக இருக்கிறது. அத்தான் அம்பாசமுத்திரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். "உங்க கடை பத்திரமா, பங்கா?" என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லாட்டரி சீட்டுன்னு ஒரு கட்டம் போடுல" என்றார்.